வைவா அறையில் முதல் ஒரு நிமிடம்: கேள்வி-பதில்

சுங்கை சிப்புட்டில் என் வீட்டு ஐந்தடியில் சனிக்கிழமை காலைகளில், ஆய்வேட்டைப் பற்றிய வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு ஒத்திகை நடக்கும். அங்கே வருபவர்களும், வர முடியாமல் எழுதிக் கேட்பவர்களும் இந்த முறை ஒரே இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். ஸ்லைடைத் திறப்பதற்கு முன்பே அவைத் தலைவர், “உங்களைப் பற்றியும் உங்கள் ஆய்வைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லுங்கள்” என்கிறாரே, அந்த ஒரு நிமிடம்.

ஒரு நிமிடம் என்றால் எத்தனை சொல், ஐயா?

தமிழில் 90 சொல், கூடக்குறைய. நம் சொற்கள் நீளம். ஆங்கிலமென்றால் 130 சொல்லை ஒட்டிப் போகும். வாய்விட்டுப் படித்து, கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். மனத்துக்குள் படித்தால் எல்லாமே 40 விநாடியில் முடிந்துவிடும்.

அடுத்த மாதம் எனக்கு வைவா. ஒரு நல்ல சுய அறிமுகம் எழுதி அனுப்பவும். அவசரம்.

என்ன தலைப்பு? முதுகலையா, முனைவர் பட்டமா? எந்த மொழியில் எழுதினீர்கள்? ஒன்றும் இல்லை. உங்கள் ஆய்வை நான் எப்படி அறிமுகப்படுத்துவது, தம்பி? ஆய்வேட்டின் சுருக்கத்தை எடுத்து, அதில் உங்கள் கேள்வி எந்த வரியில் இருக்கிறதென்று கோடு போடுங்கள். கோடு போட வரி கிடைக்கவில்லையென்றால் அறிமுகத்தை விட்டுவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஆய்வேடு மலாயில். தேர்வாளர் இருவரும் தமிழர்கள். தமிழில் அறிமுகப்படுத்திக்கொள்ளலாமா?

ஆய்வேட்டின் மொழிதான் வைவாவின் மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அவைத் தலைவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லையே. ஒரு வணக்கம் சொல்லிக்கொள்ளலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

என் அறிமுகத்தை இணைத்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதை விரிவாகச் சொல்லியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா, ஐயா?

தாப்பாவிலிருந்து வந்த கடிதம். உழைத்து எழுதியிருக்கிறார், அதனால் இதற்குக் கொஞ்சம் இடம் தருகிறேன். அவர் ஒப்புதலோடு விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலில் புழங்கிய தமிழ்ச் சொற்களில் எவை இன்னும் முதியவர்கள் நினைவில் இருக்கின்றன என்பது ஆய்வு. நல்ல தலைப்பு. ஆனால் அனுப்பியதைப் படித்துப் பார்த்தால் 2 நிமிடம் 40 விநாடி வருகிறது. முதல் 35 விநாடி விளிப்பும் நன்றியும். பிறகு அப்பா, அம்மா, லயத்து வாழ்க்கை, மண்ணெண்ணெய் விளக்கு, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம்., முதல் பட்டம், ஆசிரியர் பணி. ‘சொல்’ என்ற சொல்லே ஒன்றே முக்கால் நிமிடத்தில்தான் வருகிறது!

இதை எத்தனை முறை சொல்லிவிட்டேன். என் வயிற்றெரிச்சல் இது, பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பால்வெட்டுக்காரியின் மகன்தான். என் வைவாவில் அம்மா விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போனதிலிருந்து தொடங்கினேன். கண் கலங்கியது, குரல் கம்மியது. மூன்று நிமிடம் கழித்து வெளித்தேர்வாளர் மெதுவாகக் கேட்டார்: “ஆய்வு எப்போது தொடங்குகிறது?” அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே காத்திருந்தார். அதற்குப் பிறகு நான் சொன்னது ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. தேர்வாளர் நம் வறுமையை மதிக்காதவர் அல்லர். ஆனால் அவர் கையில் இருப்பது ஆய்வேடு, நம் வாழ்க்கைக் குறிப்பு அல்ல. அதற்கு மதிப்பெண் போட அவருக்கு வழியே கிடையாது.

அதற்காகத் தோட்டத்தை மறைக்கவும் சொல்லவில்லை. இந்த அம்மாவின் ஆய்வில் ‘தோட்டத்தில் பிறந்தவள்’ என்பது முறையியல் சார்ந்த செய்தி. முதியவர்கள் அவரிடம் தயங்காமல் பேசியதற்கு அது காரணம். தனக்கே தெரிந்த சொல்லை அவர் பேச்சுவாக்கில் எடுத்துக்கொடுத்திருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கும் அதுவே காரணம். ஆகவே ஒரு வரி போதும், அந்த ஐயத்துக்குப் பதிலும் கைவசம் இருக்க வேண்டும். பொருளாதாரத்திலோ வேதியியலிலோ ஆய்வு செய்தவருக்கு அந்த ஒரு வரியும் தேவையில்லை.

இனி ‘ஆய்வுப் பயணம்’. எங்கே சேர்ந்தேன், எப்போது முன்மொழிவைப் படைத்தேன் என்று நாட்காட்டியை ஒப்பிப்பதல்ல. ஆய்வு எங்கே திரும்பியது, ஏன் திரும்பியது, திரும்பியதால் என்ன கிடைத்தது என்பதுதான் பயணம். இவரிடம் அருமையான திருப்பம் ஒன்று இருக்கிறது. வெட்கப்பட்டு அதை மூன்றாம் இயலின் அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருக்கிறார். முதியவர்களோடு தோட்டத்துக்குள் நடந்தபடியே பேட்டி எடுப்பதாக இருந்தார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தொலைபேசிக்கு மாறினார். கேட்ட சொற்களில் பலவற்றுக்கு “மறந்துபோச்சும்மா” என்றுதான் பதில் வந்தது. 2022-இல் அதே 24 பேரை நேரில் பார்க்கப் போனபோது ஒரு பழைய உளியையும் பால் பிடிக்கும் மங்கு ஒன்றையும் எடுத்துப்போயிருக்கிறார். கையில் வாங்கியதும் சொற்கள் வரத் தொடங்கின.

இதை வைத்து நான் எழுதிக்கொடுத்தது:

“அவைத் தலைவர் அவர்களே, தேர்வாளர்களே, வணக்கம். நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது தமிழாசிரியை. பால்வெட்டுத் தொழிலின் சொற்களில் எவை முதியோர் நினைவில் எஞ்சியுள்ளன என்பது என் கேள்வி. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டினால் களப்பணியைத் தொலைபேசிப் பேட்டியாக மாற்றினேன். பல சொற்கள் மறந்துவிட்டதாகச் சொன்னார்கள். 2022-இல் அதே 24 பேரிடம் தொழிற்கருவிகளைக் கொடுத்துக் கேட்டபோது, மறந்ததாகச் சொன்ன சொற்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. ஒரு சொல் அழிந்தது என்று முடிவுகட்டுமுன் அதற்குரிய பொருளைக் காட்டிக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். ஒரே தோட்டத்து மக்களிடம் செய்த ஆய்வு இது. செம்பனைத் தோட்டங்களில் சோதித்துப் பார்க்கவில்லை.”

நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடலாமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். கூடாது. குறையை நீங்களே அளந்து சொன்னால் அது எல்லை, தேர்வாளர் கண்டுபிடித்தால் அது ஓட்டை.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கேள்வியாகத் திரும்பி வரும். ‘பாதிக்கு மேல்’ என்றால் எத்தனையில் எத்தனை என்பார்கள். அட்டவணையின் பக்க எண் நுனிநாக்கில் இருக்கட்டும். அதைவிடப் பெரிய கேள்வி இது: சொற்கள் திரும்பி வந்தது கருவியைக் கொடுத்ததாலா, அல்லது நேரில் போய், இரண்டாம் முறையாகக் கேட்டதாலா? 2020-இல் கேட்ட பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசி நினைவுபடுத்திக்கொண்டிருக்கலாமே. நான் தேர்வாளராக இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன். அவரிடமே பதில் இருக்கிறது, அது பதிலென்று அவருக்குத் தெரியவில்லை. பெரட்டு, ஆயாக்கொட்டகை போன்றவற்றைக் கையில் எடுத்துப்போக முடியாது. அப்படிப் பொருள் காட்டாமல் கேட்ட சொற்களும் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் மறந்தவை இரண்டாம் முறையும் அதிகம் திரும்பி வரவில்லை. நேரில் போனது மட்டுமே காரணமென்றால் அவையும் வந்திருக்க வேண்டும். இதை அறிமுகத்தில் சேர்க்க வேண்டாம், அம்மா. கேள்வி வரட்டும், அப்போது எடுங்கள். எல்லாவற்றையும் முதல் நிமிடத்திலேயே கொட்டினால் பிறகு பதில் சொல்ல என்ன இருக்கும்?

அவைத் தலைவர் டத்தோ, வெளித்தேர்வாளர் பேராசிரியர். பட்டம் எல்லாவற்றையும் சொல்லி விளிக்க வேண்டுமா?

நம் நாட்டில் அறவே விட்டாலும் தப்பு. அவைத் தலைவரை மட்டும் முழுப் பட்டத்தோடு ஒரு முறை விளியுங்கள், மற்றவர்களைத் ‘தேர்வாளர்களே’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். நன்றியெல்லாம் ஆய்வேட்டின் நன்றியுரையில் அச்சாகிவிட்டது. மேற்பார்வையாளரும் அறையில் இருந்தால் வெளியே வந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

மனப்பாடம் செய்தேன். ஒத்திகையில் நடுவில் ஒரு சொல் விட்டுப்போய் அப்படியே நின்றுவிட்டேன்.

முழுவதையும் மனப்பாடம் செய்ததால்தான் நின்றீர்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் அட்சரம் பிசகாமல் இருக்கட்டும். நடுவில் மூன்றே மூன்று சொற்களைத் தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். தாப்பாக்காரருக்கு நான் கொடுத்தவை: கேள்வி, தொலைபேசி, உளி. கடைசி வாக்கியம் தெரியாதவர்கள்தான் “அவ்வளவுதான்… அப்புறம்…” என்று இழுத்து, சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுகிறார்கள்.

‘இத்துறையில் இதுவே முதல் ஆய்வு’ என்று தொடங்கினால் எடுப்பாக இருக்கும் என்கிறார் நண்பர்.

நண்பருக்கு வைவா இல்லை போலிருக்கிறது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கேள்வியாகத் திரும்பி வரும். எதிரே இருப்பவரே இருபது ஆண்டுக்கு முன் அதே பொருளில் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். முன்னோர் எதுவரை வந்தார்கள், நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஏழு ஆண்டு ஆகிவிட்டது. இடையில் மேற்பார்வையாளரும் மாறினார். அதையும் சொல்ல வேண்டுமா?

தாமதத்துக்கு விளக்கம் யாரும் கேட்கவில்லை, நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். மேற்பார்வையாளர் மாறியதால் கோட்பாடோ தரவோ மாறியிருந்தால், மாறியதையும் ஆய்வு சார்ந்த காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அறிமுகத்தில் சொன்னதையே முதல் ஸ்லைடிலும் சொல்லலாமா?

கூடாது. படைப்புக்குக் கிடைப்பதே 15, 20 நிமிடம். அறிமுகத்தில் கேள்வியைச் சொல்லிவிட்டீர்களென்றால் பின்புல ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளிவிட்டு முறையியலுக்குப் போங்கள்.

இணையவழி வைவா. எங்கள் பக்கம் லைன் சரியில்லை, தோட்டத்து உள்பக்கம்.

அன்றைக்கு டவுனுக்கு வந்துவிடுங்கள். என் வீட்டு முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. சேவல் சத்தம் மட்டும் கேட்கும்.