மார்க் ஒண்ணு சொல்லுது, மனசு வேற சொல்லுது: கட்டுரை திருத்துறவங்க கேட்ட கேள்விகள்

வணக்கம். 26 வருஷமா இடைநிலைப்பள்ளியில தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், இப்ப கோலாலம்பூர்ல இருக்கேன். ரூப்ரிக்னு சொல்ற மார்க் அளவுகோல்படி வர்ற மொத்தமும் நம்ம மனசும் ஒத்துப்போகாத கேஸ் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்துச்சு. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், ஏன்னா மத்த பாதி கேள்விக்கும் பதில் அதுலயே இருக்கு.

செந்தூல் டீச்சர், வேலைக்கு வந்து 3 வருஷம்: படிவம் 4, தலைப்பு "நான் செய்த பொதுச்சேவை". கருத்து 10, அமைப்பு 5, மொழி 10, எழுத்துப்பிழை 5, மொத்தம் 30. ஒரு பொண்ணுக்கு 24 வந்துச்சு, ஒரு பையனுக்கு 15. ஆனா படிச்சப்ப பையனோடதுதான் கிளாஸ்லயே பெஸ்ட்னு பட்டுச்சு. எதை நம்புறது சார்?

ரெண்டு தாளையும் படம் எடுத்து அனுப்பினீங்க, நேத்து ராத்திரி உக்காந்து படிச்சேன் டீச்சர். பையன் தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் காலையில பத்துமலை படிக்கட்டுக்குக் கீழ குப்பை பொறுக்கினதை எழுதியிருக்கான், ஒரு சின்னப்பிள்ளையோட ஒத்தைச் செருப்பு கிடைச்சதும் அதைக் குப்பைப் பையில போட மனசு வராம அரை நாள் கையிலயே வெச்சிருந்தேன்னு வர்ற இடத்துல எனக்கும் உங்களுக்கு வந்த அதே எண்ணம்தான் வந்துச்சு. பொண்ணு அஞ்சு கருத்து, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு வரி, நடுவுல ரெண்டு பழமொழின்னு சுத்தமா முடிச்சிருக்கு.

கருத்து, அமைப்பு, மொழி, எழுத்துப்பிழைன்னு நாலு வரிசைக்கும் நீங்க போட்ட மார்க் இப்படி இருக்கு. பொண்ணுக்கு 8, 4, 8, 4. பையனுக்கு 5, 4, 5, 1. மொத்தத்தை மறந்துட்டு வித்தியாசம் எந்த வரிசையில இருந்து வருதுன்னு மட்டும் பாருங்க: கருத்துல 3, மொழியில 3, எழுத்துப்பிழையில 3. இந்த மூணையும் தனித்தனியா விசாரிக்கணும், ஏன்னா மூணுக்கும் காரணம் வேற வேற.

எழுத்துப்பிழையில அவனுக்கு 1 சரிதான். 14 பிழை, அதுல 11 வல்லினம் மிகாம விட்டது, "செருப்பை கையில" மாதிரி. ஆனா மொழிக்கு ஏன் 5? ஓரத்துல நீங்க எழுதின குறிப்பைப் பார்த்தா அங்கயும் அதே சந்திப்பிழைக்குத்தான் கழிச்சிருக்கீங்க. உங்க ரூப்ரிக்ல மொழி வரிசை சொல்வளம், வாக்கியம், நடைன்னுதான் கேக்குது, சந்தியைப் பத்தி அங்க ஒரு வார்த்தை இல்ல. ஒரே குத்தத்துக்கு ரெண்டு தண்டனை. அந்த வரிசையை அதோட வார்த்தையை வெச்சே படிச்சா அவனுக்கு 8 வரும். அதே மாதிரி பொண்ணோட தாள்ல பழமொழி ரெண்டுல ஒண்ணு அந்த இடத்துக்கு ஒட்டல, உங்க ரூப்ரிக் "பொருத்தமாக"ன்னு தெளிவா சொல்லுது, மனப்பாடம் பண்ணி வெச்சதைச் செருகினது தெரியுது, 6 போதும்.

இப்ப பொண்ணு 22, பையன் 18. 9 மார்க் இடைவெளி 4 ஆச்சு. உங்க மனசு சொன்னதுல ஒரு பங்கு சரின்னு வரிசையே ஒத்துக்கிச்சு.

மிச்சம் கருத்து வரிசை. "5 கருத்து விளக்கத்துடன்"னா 8க்கு மேல, ரெண்டு கருத்துன்னா 5க்கு மேல போகாதுன்னு எழுதியிருக்கு. அவன் எழுதினது ரெண்டே கருத்து, ஆனா ஆழமா. இங்க தப்பு நீங்க போட்ட மார்க்ல இல்ல, ரூப்ரிக் ஆழத்தைக் கேக்காம எண்ணிக்கையைக் கேக்குது. அந்த ரூப்ரிக்கைப் பிள்ளைங்க கையில குடுத்துத்தான எழுத சொன்னீங்க? அப்ப இந்தத் தடவை 5 அப்படியேதான் இருக்கணும். அடுத்த பருவத்துக்கு முன்னாடி அந்த வரியை மாத்துங்க. இன்னொண்ணு, இதை மறந்துடாதீங்க: சந்திக்கு ரெண்டு தடவை கழிச்சது அவன் தாள்ல மட்டுமா இருக்கும்? மொழி வரிசையை மட்டும் 32 தாள்லயும் திரும்பப் பாருங்க. மனசுக்குப் பிடிச்ச தாளை மட்டும் எடுத்துத் திருத்தினா அது சலுகை.

ஈப்போ ரோடு, கணக்கு டீச்சர்: எனக்குப் புரியல. ரூப்ரிக்னு ஒண்ணு வெச்சதே ஃபீலிங்கை ஒதுக்கத்தானே? மொத்தம் எதுவோ அதான் ஃபைனல், இதுல என்ன யோசனை?

பாதி சரி டீச்சர், பிள்ளைக்கு அறிவிச்ச அளவுகோலை நடுவுல மாத்தக்கூடாதுங்கிறதுல நானும் உங்க பக்கம்தான். ஆனா கணக்குல விடை 42ன்னா 42. கட்டுரை ரூப்ரிக்ல "ஓரளவு தெளிவாக", "மிகத் தெளிவாக"ன்னு இருக்கும், அந்த "ஓரளவு" எங்க முடியுதுன்னு சொல்றது யாரு? அதே டீச்சரோட மனசுதான். ஒரே பெரிய ஃபீலிங்கை நாலு சின்ன ஃபீலிங்கா பிரிச்சுக் கூட்டியிருக்கோம், அவ்ளோதான். பிரிச்சதால நல்லது உண்டு, எங்க பிசகுச்சுன்னு தேட முடியுது, மேல பார்த்தீங்களே. ஆனா கூட்டிட்டதாலயே அது மீட்டர் காட்டுற நம்பரா ஆகிடாது.

பட்டர்வொர்த், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: உண்மையைச் சொல்றேன், நான் முதல்ல படிச்சிட்டு மனசுல 22ன்னு வெச்சிக்குவேன், அப்புறம் 22 வர்ற மாதிரி வரிசையை நிரப்புவேன். 15 வருஷமா இப்படித்தான், ஒரு பெற்றோரும் கேட்டதில்ல.

நிறைய பேர் செய்றது, வெளிய சொன்னது நீங்கதான் சார். இதுல மொத்தம் பெருசா கெடாது, உங்க அனுபவத்துக்கு 22 கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கும். கெடுறது வரிசை. கருத்துல 5 வாங்க வேண்டிய பிள்ளைக்கு மொத்தம் வர்றதுக்காக 7 போட்டா, தன்கிட்ட எது குறையுதுன்னு அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

நீங்க இப்படி செய்றீங்களான்னு உங்க மார்க் ஷீட்டே சொல்லிடும். ஒரு கிளாஸோட மார்க்கை வரிசையா பாருங்க, நல்ல பிள்ளைக்கு நாலும் உசந்து, சுமார் பிள்ளைக்கு நாலும் தாழ்ந்து, யாருக்குமே ஒரு வரிசை ஏறி ஒண்ணு இறங்காம இருந்தா நீங்க நாலு மார்க் போடல, ஒரே மார்க்கை நாலா வெட்டியிருக்கீங்க. தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1920லயே இதை எழுதிட்டாரு. அங்க கட்டுரை இல்ல, ராணுவ அதிகாரிங்க தங்களுக்குக் கீழ உள்ளவங்களோட உடற்கட்டு, புத்தி, தலைமைப்பண்புன்னு தனித்தனியா மதிப்பிட்டாங்க, எல்லா மதிப்பீடும் நம்ப முடியாத அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குச்சு. ஆளைப் பத்தின ஒரு நல்ல எண்ணம் எல்லாத்து மேலயும் வெளிச்சமா பரவிடுது.

மனசுல தோணின மார்க்கை நிரப்பாம, முதல்ல அதைத் தனித் தாள்ல எழுதி மூடி வெச்சிடுங்க. அப்புறம் வரிசை வரிசையா போடுங்க, முடிஞ்சா கிளாஸ்ல எல்லாருக்கும் கருத்தை முடிச்சிட்டுத்தான் அமைப்புக்குப் போங்க. கடைசியில ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1, 2 மார்க் வித்தியாசத்துக்கு அலட்டிக்க வேணாம், 4க்கு மேல போற தாளை மட்டும் திரும்ப எடுங்க, 30க்கு அது நான் வெச்சிருக்கிற கோடு.

பினாங்கு, ஒரு அம்மா: என் மகன் ஆண்டு 5. பரீட்சையில 78 எடுத்தான், ஆனா பி.பி.டி.ங்கிற வகுப்பறை மதிப்பீட்டுல டி.பி. 3தான், அதாவது அடைவுநிலை 3தான் போட்டிருக்காங்க. டீச்சருக்கு அவனைப் பிடிக்கலைன்னு இதுதான் அர்த்தமா?

இல்லம்மா, இது வேற விஷயம். பி.பி.டி.ல டி.பி. 1ல இருந்து 6 வரைக்கும் இருக்கு, அது 78ஐப் பார்த்து மாத்துற கணக்கு இல்ல, கூட்டி வகுத்து வர்ற சராசரியும் இல்ல. வருஷம் பூரா வாய்மொழி, எழுத்து, வகுப்பு வேலை எல்லாத்தையும் பார்த்து ஆசிரியர் தன்னோட தொழில்முறைக் கணிப்பை வெச்சு முடிவு பண்றது. அதனால ரெண்டும் ஒத்துப்போகாம இருக்கலாம். ஆனா அந்தக் கணிப்புக்கு ஆதாரம் இருக்கணும். "ஏன் 3?"ன்னு கேக்காதீங்க, "4க்குப் போக எதைச் செய்யணும், அவன் வேலையில எதைப் பார்த்து 3ன்னு முடிவு பண்ணீங்க"ன்னு கேளுங்க. ரெண்டு மூணு வேலையை எடுத்துக் காட்டினாங்கன்னா சரி.

பிரிக்ஃபீல்ட்ஸ், டியூஷன் சார்: ரொம்ப சிம்பிள், "ஒட்டுமொத்த எண்ணம் 5 மார்க்"னு ஒரு வரிசையைச் சேர்த்துட்டா பிரச்சனை முடிஞ்சது லா.

நானும் சில வருஷம் வெச்சிருந்தேன் சார். முன்கூட்டியே பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு, சின்னதா வெச்சா தப்பில்ல. ஆனா எனக்கு என்ன ஆச்சுன்னா அந்த 5, மொழியில நல்லா வாங்கின பிள்ளைக்கே திரும்பவும் போச்சு, ஒரே நல்லதுக்கு ரெண்டு தடவை பரிசு. அந்த வரிசை எதைப் பார்க்குதுன்னு ஒரு வாக்கியமாவது எழுதுங்க, "எடுத்த விஷயம் முடிவு வரைக்கும் கை நழுவாம வந்துச்சா"ங்கிற மாதிரி. எழுத முடியலைன்னா வரிசையே வேணாம்.

சுங்கை பூலோ, புது ஆசிரியை: மனசு சொல்றதுதான் தப்புன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?

உங்களைத் தொட்ட வாக்கியத்துக்குக் கீழ பென்சில்ல கோடு போடுங்கம்மா. கோடு போட ஒரு இடம் கிடைச்சா மனசு எதையோ பார்த்திருக்கு, அது எந்த வரிசையைச் சேர்ந்ததுன்னு தேடலாம். இடமே கிடைக்கலைன்னா பெரும்பாலும் கையெழுத்து, இல்ல பேரு, இல்ல அதுக்கு முன்னாடி படிச்ச தாள். தொடர்ந்து நாலு மட்டமான தாளுக்கு அப்புறம் வர்ற சுமாரான தாள் தங்கமா தெரியும்.

எனக்கே நடந்துச்சு. ஒரு பையனுக்கு மொத்தம் 21, மனசு 26ன்னு சொல்லுச்சு. அவன் அப்பா தவறின வருஷம் அது. பக்கத்து அறை டீச்சர்கிட்ட பேரை மறைச்சுக் குடுத்தேன், அவங்க 20 போட்டாங்க. 21தான் நின்னுச்சு. அவன் எழுத்து மேல எனக்கு இருந்தது எழுத்தைப் பத்தினது இல்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவன்கிட்ட போய் உக்காந்து பேசினேன், அது வேற.

பினாங்கு, எஸ்.பி.எம். அரசுத் தேர்வுத் தாள் திருத்துறவங்க: எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். வரிசையைத் திரும்பப் படிக்கலாம், ஒரே பிழைக்கு ரெண்டு தடவை கழிச்சிருக்கீங்களான்னு பார்க்கலாம். அளவுகோல்ல கை வைக்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது, ஒருங்கிணைப்புக் கூட்டத்துல முடிவானதுதான். ஒட்டவே இல்லைன்னா தாளோட தலைவர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, தனியா முடிவெடுக்காதீங்க.

செந்தூல் டீச்சர் மறுபடி: சார், 32 தாளையும் பார்த்துட்டேன். இன்னும் 6 பேருக்கு மொழியில ஏறுச்சு. ஆனா பையனுக்கு 18ன்னு எழுத இன்னும் கை வரல. ரூப்ரிக் தப்புன்னு தெரிஞ்சும் அதையே வெச்சுப் போடுறது நியாயமா?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், செராஸ்: நியாயமில்ல டீச்சர். வகுப்புக் கட்டுரைதான, 22 போட்டு விடுங்க. எண்ணிக்கையை நம்பி நல்ல எழுத்தைக் கொன்னுடாதீங்க.

ஐயா சொல்றதை என்னால லேசுல தள்ள முடியல. எஸ்.பி.எம். மாதிரி இல்ல, வகுப்புக் கட்டுரைதான். ஆனா அந்தப் பொண்ணு குடுத்த ரூப்ரிக்கை நம்பி அஞ்சு கருத்து எழுதுச்சு, அதுக்கும் ஆழமா ஒண்ணு எழுதத் தெரிஞ்சிருக்கலாம், நாம கேக்கல. அதனால நான் 18தான் போடுவேன், ஐயா 22 போடுவாரு, இதுல ரெண்டு பேரும் ஒத்துப்போவோம்னு தோணல. டீச்சர், 18 போட்டீங்கன்னா அந்தச் செருப்பு வாக்கியத்துக்குக் கீழ கோடு போட்டு, இந்த இடம் ஏன் நல்லா இருக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வல்லினம் மிகும் இடம் அந்த 11ஐயும் வட்டம் போட்டு, தனியா ஒரு நாள் உக்கார வெச்சு சொல்லிக்குடுங்க, அது ரெண்டே வாரத்துல சரியாகிடும்.