மீகூன் கலோரிக் கணக்கு: எந்த எடையைப் பெருக்குவது?

"மீகூன் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 350 கிலோகலோரி. வேகவைத்து 235 கிராம் சாப்பிட்டேன். 822 வருகிறது. சரியா?"

இல்லை, சுமார் 330தான். 100ஆல் வகுத்துப் பெருக்கியது சரி, எடைதான் தப்பு. லேபிளில் இருப்பது காய்ந்த மீகூனுக்கு. நீங்கள் நிறுத்தது தண்ணீர் குடித்து ஊதிய மீகூன். தண்ணீருக்குக் கலோரி கிடையாது.

முழு 400 கிராம் பாக்கெட்டையும் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வடித்த பிறகு சட்டியோடு நிறுத்து, காலிச் சட்டியின் எடையைக் கழியுங்கள். எனக்கு ஏறக்குறைய 1000 கிராம் வரும். அப்புறம்:

```
235 ÷ 1000 × 400 = 94
94 ÷ 100 × 350 = 329
```

அந்த 94 கிராம்தான் நீங்கள் சாப்பிட்ட காய்ந்த மீகூன். புரதத்துக்கும் இதே 94தான்.

என் 1000ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் ஊறினால் எடை கூடும், ஒவ்வொரு முறையும் நிறுக்கத்தான் வேண்டும். பிரட்டினால் எண்ணெயைத் தனியாகச் சேருங்கள், ஒரு மேசைக்கரண்டியே 120 கிலோகலோரி பக்கம். பினாங்கு கடை மீகூன் கோரெங்குக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே எண்ணெயை யார் அளந்தார்கள்!