விடுமுறைப் பல் பரிசோதனைச் சலுகை: முதல் நாளில் எதற்குச் சம்மதிக்கலாம்?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு 200 ராண்டில் பல் பரிசோதனை என்று எங்கள் பகுதிப் பல் மருத்துவமனை விளம்பரம் செய்திருக்கிறது. என் மகளுக்கு ஏழு வயது. மருத்துவர் என்றாலே அழுவாள். போன இடத்தில் வேறு செலவு வைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அழைத்துச் செல்லுங்கள். ஆனால் நேரம் குறிக்கும்போதே, முதல் நாளில் பார்ப்பது மட்டும்தான், சிகிச்சை எதுவும் வேண்டாம் என்று சொல்லி, அதற்கான ஒப்புதலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் "இன்றைக்குப் பல்லை எண்ணுவார்கள், அவ்வளவுதான்" என்று மகளிடம் நீங்கள் சொல்வது பொய்யாகாது. "ஊசி போடமாட்டார்கள், வலிக்காது" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அதுவரை நினைக்காத ஊசியையும் அவள் நினைக்கத் தொடங்கிவிடுவாள். பிள்ளைகளிடம் பழகிய மருத்துவர் சிறு கண்ணாடியை முதலில் அவள் கையில் கொடுத்து, அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று சொல்லி, விரல் நகத்தில் தொட்டுக் காட்டிய பிறகே வாய்க்குள் கொண்டுபோவார். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைப்பதும் நல்லது.

செலவைப் பொறுத்தவரை, அந்த 200 ராண்டில் எக்ஸ்ரே, பல்லை மெருகேற்றுதல், ஃப்ளூரைடு பூச்சு ஆகியவை அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவை பொதுவாகத் தனித்தனிக் கட்டணங்களாகவே பில்லில் வரும். சிகிச்சையின் பயன், ஆபத்து, செலவு ஆகியவற்றை முன்னதாக விளக்குவது மருத்துவரின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் சொல்கிறது. ஆகவே மதிப்பீடு கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சொத்தை இருப்பதாகச் சொன்னால், எந்தப் பல், அது எப்போது விழும் என்று கேளுங்கள். ஏழு வயதில் ஆடத் தொடங்கிவிட்ட முன்பால்பல்லை அடைக்கச் சொன்னால் நான் வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பேன். கடைவாய்ப் பால்பல் என்றால் கதை வேறு. அது பெரும்பாலும் ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் விழும் என்பதால், அடைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆறு வயதையொட்டி அதற்குப் பின்னால் முளைக்கும் பெரிய பல்லோ நிரந்தரப் பல்; அதைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடும் பெற்றோர் பலர்.

மெடிக்கல் எய்ட் இருந்தால், இந்த ஆண்டுக்கான பல் வரம்பில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். வரம்பு தீர்ந்திருந்தால், புதிய ஆண்டின் வரம்பு ஜனவரி 1 முதல் தொடங்குவதால், அவசரமில்லாத அடைப்பைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாட்களுக்குத் தள்ளிவைக்கலாம். ஈறு வீக்கம், சீழ், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.