செரினைப் பற்றிக்கொண்ட நஞ்சு

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்துக்கொண்டிருந்தபோது வாந்தியும் வியர்வையுமாக மயங்கி விழுந்தார். மூன்று மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டோம். ஒன்பது நாள் கழித்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தார். கோலினெஸ்டரேஸ் சேரும்போது 620, வரும்போது 3,400. இயல்பு 5,300க்கு மேல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. நான் கல்லூரியில் வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். நொதி கிளர்வு ஆற்றலைக் குறைக்கும் என்று படித்திருக்கிறேன், எப்படிக் குறைக்கிறது என்று புரியவில்லை. தோலில் பட்ட கொஞ்சம் மருந்து எப்படி ஒரு நொதியையே முடக்கியது? அப்பா எப்போது மறுபடி மருந்து அடிக்கலாம்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை முதல் இரண்டு கேள்விகளுக்குள் இருப்பதால், அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அதன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. அது தசையைத் தொட்டவுடன் உடைக்கப்பட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே ஆணை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். உடைக்கும் வேலையைச் செய்வது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. உங்கள் அப்பாவுக்கு வந்த வியர்வை, வாந்தி, மயக்கம் எல்லாமே, சுரந்த அசிட்டைல்கோலின் உடையாமல் தேங்கியதால் வந்தவை.

அசிட்டைல்கோலின் ஓர் எஸ்டர். தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிக் அமிலமாகவும் கோலினாகவும் பிரிவது அதற்கு ஆற்றல் அளவில் லாபமானதுதான், ஆனாலும் உடல் வெப்பநிலையில் வெறும் தண்ணீரில் அது மிக மெதுவாகவே பிரியும். காரணம், நடுவில் ஒரு மேடு இருக்கிறது. எஸ்டரின் மையக் கார்பன் மூன்று கைகளோடு தட்டையாக இருக்கும். அதை உடைக்க நான்காவதாக ஓர் ஆக்சிஜன் வந்து ஒட்ட வேண்டும். அது ஒட்டத் தொடங்கும்போது கார்பன் தட்டை வடிவத்தை இழந்து நான்முகி வடிவத்தை நோக்கி வளைகிறது, அதன் பழைய ஆக்சிஜன் மீது எதிர்மின்சுமை ஏறுகிறது, ஒரு பிணைப்பு பாதி உருவாகியும் இன்னொன்று பாதி தளர்ந்தும் நிற்கிறது. மேட்டின் உச்சியில் இருக்கிற இந்தக் கணநேர உருவத்தைத்தான் இடைநிலை என்கிறோம். ஒரு பிணைப்பு ஒருமுறை அதிரும் நேரத்துக்கு மேல் அது நிலைப்பதில்லை; அதைக் குடுவையில் பிடித்து வைக்க முடியாது. தொடக்க நிலைக்கும் அந்த உச்சிக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடுதான் கிளர்வு ஆற்றல். உடல் வெப்பநிலையில் இந்த மேடு மோலுக்கு ஏறக்குறைய 6 கிலோஜூல் இறங்கினால் வினை பத்து மடங்கு வேகமாகும். 60 கிலோஜூல் இறங்கினால் ஆயிரம் கோடி மடங்கு.

இந்த இடத்தில் பாடப்புத்தகத்தின் பூட்டு சாவி உவமை மாணவர்களைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். நொதியின் குழி அசிட்டைல்கோலினுக்கு மிகச்சரியாகப் பொருந்தி அதை இறுகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது வசதியான ஒரு பள்ளத்தில் போய் விழுந்துவிடும், அங்கிருந்து உச்சிக்கு ஏற வேண்டிய உயரம் குறையாது, கூடவும் கூடும். நொதியின் குழி பொருந்த வேண்டியது தொடக்கப் பொருளுக்கு அன்று, இடைநிலைக்கு என்பதை லைனஸ் பாலிங் 1946இல் தெளிவாக எழுதினார். நொதி தொடக்கப் பொருளை ஓரளவுக்கே பிடிக்கிறது, அது வளைந்து இடைநிலையாக மாறும்போது மிக இறுக்கமாகப் பிடிக்கிறது. இந்த இரண்டு பிடிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் அளவுக்கு மேடு தாழ்கிறது. தொடக்கப் பொருளும் விளைபொருளும் எவ்வளவு உயரத்தில் இருந்தனவோ அங்கேயே இருப்பதால், வினையின் சமநிலை மாறுவதில்லை.

அசிட்டைல்கோலினெஸ்டரேஸில் இது எப்படி நடக்கிறது என்பதை, 1991இல் டார்பிடோ என்ற மின்மீனின் நொதியைப் படிகமாக்கி அதன் அமைப்பைக் கண்டபோது நேரிலேயே பார்க்க முடிந்தது. நொதியின் மேற்பரப்பிலிருந்து 2 நானோமீட்டர் ஆழத்துக்கு ஒரு குறுகிய பள்ளம் இறங்குகிறது. அதன் அடியில் செரின், ஹிஸ்டிடின், குளுட்டமேட் என்ற மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே, நொதியின் முதுகெலும்புச் சங்கிலியிலுள்ள மூன்று நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள் ஒரே புள்ளியை நோக்கித் திரும்பியிருக்கின்றன. எஸ்டரின் ஆக்சிஜன் மீது எதிர்மின்சுமை ஏறும்போது அது சரியாக அந்தப் புள்ளியில் வந்து உட்கார்ந்து, மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் தாங்கப்படுகிறது. சுமை ஏறாத தட்டையான எஸ்டருக்கு இந்தத் தாங்கல் முழுமையாகக் கிடைப்பதில்லை. பாலிங் சொன்ன பிடி வேறுபாடு இங்கே கண்ணால் காணும்படி இருக்கிறது.

அடுத்தது அமில-கார வினையூக்கம். செரினின் ஆக்சிஜன் கார்பனைத் தாக்க வேண்டும், ஆனால் தன் புரோட்டானை வைத்துக்கொண்டிருக்கும் வரை அதற்கு அந்தத் துணிவு இல்லை; உடலின் நடுநிலையான சூழலில் அது தானாகப் புரோட்டானை விடுவதும் அரிது. ஹிஸ்டிடின் இதற்கென்றே அமைந்தது போன்றது. உடலின் அமிலத்தன்மை அளவுக்கு அருகிலேயே அது புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் கூடியது. செரின் கார்பனை நோக்கி நகரும் அதே கணத்தில் ஹிஸ்டிடின் ஒரு காரமாக நின்று அதன் புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. பிறகு கோலின் பிரிய வேண்டும். எதிர்மின்சுமையோடு தனியே வெளியேறுவது அதற்குக் கடினம் என்பதால், ஹிஸ்டிடின் இப்போது அமிலமாக மாறி, வாங்கிய புரோட்டானைக் கோலினிடம் கொடுத்து அனுப்பிவைக்கிறது. குளுட்டமேட் பின்னாலிருந்து ஹிஸ்டிடினின் திசையையும் அதன் நேர்மின்சுமையையும் தாங்குகிறது. இவ்வாறு இடைநிலையில் மின்சுமை எங்கும் குவியாமல் பரவுவதால் மேடு தாழ்கிறது.

கோலின் போய்விட்டது, அசிட்டைல் தொகுதி மட்டும் செரினோடு சகப்பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் சகப்பிணைப்பு வினையூக்கம் என்கிறோம்: ஓர் உயரமான மேட்டுக்குப் பதிலாக, நடுவில் ஒரு சிறு பள்ளத்தோடு கூடிய இரண்டு தாழ்ந்த மேடுகள். அசிட்டைல் ஏறிய செரின் அந்தச் சிறு பள்ளம். அது இடைநிலை அன்று, உண்மையிலேயே சிறிது நேரம் இருக்கிற ஒரு பொருள். இந்த வேறுபாட்டைத் தேர்வில் பலர் தவறவிடுகிறார்கள். அடுத்து ஒரு நீர் மூலக்கூறு வருகிறது, அதே ஹிஸ்டிடின் அதன் புரோட்டானை வாங்க, நீரின் ஆக்சிஜன் அசிட்டைலைத் தாக்கிச் செரினிலிருந்து கழற்றுகிறது. செரின் பழையபடி விடுதலையாகிவிடும். ஒரு நொதி மூலக்கூறு இந்த முழுச் சுற்றை ஒரு விநாடியில் பல ஆயிரம் முறை முடிக்கிறது.

இனி நஞ்சுக்கு வருவோம். மோனோகுரோட்டோபாஸின் மையத்தில் கார்பனுக்குப் பதில் பாஸ்பரஸ் இருக்கிறது. அது இயல்பிலேயே நான்முகி வடிவம் கொண்டது, அதன் ஆக்சிஜன் அந்த மூன்று நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதிகளுக்கு நடுவே அழகாகப் பொருந்துகிறது. ஹிஸ்டிடின் வழக்கம்போலச் செரினின் புரோட்டானை வாங்குகிறது, செரின் பாஸ்பரஸைத் தாக்குகிறது, நஞ்சின் ஒரு பகுதி பிரிந்து போகிறது, மீதி செரினில் ஒட்டிக்கொள்கிறது. நொதி தன்னை முடக்கும் வினையைத் தானே ஊக்குவித்துவிடுகிறது. அசிட்டைலைக் கழற்றிய நீர் மூலக்கூறால் இதை எளிதில் கழற்ற முடியாது, ஏனென்றால் பாஸ்பரஸைத் தாக்கச் சரியான திசையில் அது அணுக இங்கே இடம் இல்லை. முதல் மேடு தாழ்ந்தே இருக்கிறது, இரண்டாவது மேடு மட்டும் மிக உயர்ந்துவிட்டது. அசிட்டைல் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் விலகும். கார்பமேட் வகைப் பூச்சிமருந்து ஒட்டினால் நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ விலகும். பாஸ்பரஸ் ஒட்டினால் பல மணி நேரமோ நாள் கணக்கோ ஆகும், சில வேளை விலகவே விலகாது. தோலில் பட்ட கொஞ்சம் மருந்து போதுமானதாக இருந்ததற்கு இதுதான் காரணம். உடலில் இந்த நொதியின் அளவே மிகக் குறைவு, ஒரு நஞ்சு மூலக்கூறு ஒரு நொதி மூலக்கூறை வேலையிலிருந்தே நீக்கிவிடும்.

மருத்துவமனையில் போட்ட அட்ரோபின் நொதியைத் தொடுவதில்லை. தேங்கிய அசிட்டைல்கோலின் சுரப்பிகளையும் இதயத்தையும் நுரையீரலையும் தாக்காமல் தடுக்கிறது. நொதியை மீட்க முயல்வது பிராலிடாக்சிம். அதன் முனையிலுள்ள ஆக்சிஜன் நீரைவிட வலுவாகத் தாக்கக்கூடியது என்பதால், பாஸ்பரஸைச் செரினிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. ஒட்டிய பாஸ்பரஸ் தன் மெத்தில் தொகுதி ஒன்றை இழந்து எதிர்மின்சுமை பெற்றுவிட்டால் பிராலிடாக்சிமாலும் அதைக் கழற்ற முடியாது. இதை முதிர்தல் என்கிறோம். மோனோகுரோட்டோபாஸ் போன்ற டைமெத்தில் வகைகளில் ஒட்டிய நொதியில் பாதி சுமார் 4 மணி நேரத்திலேயே முதிர்ந்துவிடும். குளோர்பைரிபாஸ் போன்ற டைஎத்தில் வகைகளில் அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். நீங்கள் மூன்று மணி நேரத்தில் கொண்டுசேர்த்தது உண்மையிலேயே நல்ல காரியம். இருந்தும், பிராலிடாக்சிமின் பயன் எல்லா ஆய்வுகளிலும் ஒன்றுபோல் இல்லை: 2006இல் பாராமதியில் நடந்த ஆய்வில் நன்மை தெரிந்தது, 2009இல் வெளியான இலங்கை ஆய்வில் தெரியவில்லை. ஆகவே உங்கள் அப்பாவுக்கு அது எவ்வளவு உதவியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

முதிர்ந்த நொதி இனி உயிர்பெறாது, புதிதாகத்தான் உருவாக வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 620, 3,400 என்ற எண்கள் பெரும்பாலும் ரத்தத் திரவத்திலுள்ள ப்யூட்டிரைல்கோலினெஸ்டரேஸின் அளவாக இருக்கும். அது உறவுக்கார நொதி, நரம்பு நுனியில் வேலை செய்வது அன்று. கல்லீரல் அதைத் தொடர்ந்து உருவாக்குவதால், இதே வேகத்தில் போனால் இன்னும் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்தில் 5,300ஐத் தொடும். அந்த எண்ணைக் கண்டதும் அப்பா பம்பைத் தோளில் மாட்டிவிடக் கூடாது. நரம்பு நுனியின் நிலையை ஓரளவு நெருக்கமாகக் காட்டுவது சிவப்பணுக்களில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். சிவப்பணுவால் புதிதாக நொதி உருவாக்க முடியாது. 120 நாள் ஆயுளில் பழைய அணுக்கள் போய்ப் புதியவை வரும் வேகத்தில்தான், நாளொன்றுக்கு 1 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாக, அளவு ஏறும். ஆகவே மூன்று நான்கு மாதத்துக்குப் பூச்சிமருந்தின் பக்கமே அவர் போக வேண்டாம். அதன்பின் சிவப்பணு அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். குறைந்த இருப்போடு இருக்கும்போது முன்பு ஒன்றும் செய்யாத அளவு மருந்தும் அவரைச் சாய்த்துவிடும்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் பாதத்தில் மரத்துப்போதலோ, நடக்கும்போது கால் தொங்குவதோ தெரிந்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் இரண்டு மூன்று வாரம் கழித்து, வேறொரு நொதியைத் தாக்கியதன் விளைவாக, இப்படிச் செய்வதுண்டு. இந்த மாதங்களில் அவருக்கு அறுவை சிகிச்சை எதுவும் தேவைப்பட்டால், மயக்க மருத்துவரிடம் இந்த நச்சுப் பாதிப்பைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினில்கோலின் என்ற மருந்தை உடைப்பது அந்த ப்யூட்டிரைல்கோலினெஸ்டரேஸ்தான். அது குறைவாக இருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாமல் போகலாம்.