மீடியன் இடைவெளியில் யூ டர்ன்: தூரத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தை எண்ணுங்கள்

கேள்வி: நடுவில் மீடியன் உள்ள நான்கு வழிச் சாலையில் யூ டர்ன் எடுக்க, எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? எங்கெல்லாம் திரும்பவே கூடாது?

தூரத்தை வைத்து முடிவெடுப்பதுதான் சிக்கலே. நேராக நம்மை நோக்கி வரும் வண்டியின் வேகம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. இரவில் ஒற்றை விளக்கு என்றால் இன்னும் மோசம்.

கணக்காகவே பார்ப்போம். நின்ற காரை முழுக்கத் திருப்ப ஆறு விநாடி ஆகும். திரும்பி முடித்ததும் நம் வேகம் 20 கி.மீ.கூட இருக்காது; பின்னால் வருபவர் பிரேக் அடிக்காத அளவுக்கு வேகம் எடுக்க இன்னும் மூன்று, நான்கு விநாடி. ஆக, பத்து விநாடி தேவை. 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். அந்தப் பத்து விநாடிக்குள் 220 மீட்டர் வந்துவிடும். அதுவே 40 கி.மீ. என்றால் பாதி தூரம் போதும்.

அதனால் காத்திருக்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள். தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு, ஒரு வண்டி அதைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். உங்களை வந்தடைய பத்து விநாடி ஆனால் அந்தக் கம்பம்தான் உங்கள் எல்லை. அதற்கு இப்பால் வண்டி எதுவும் இல்லையென்றால் திரும்பலாம்.

ஒரு லேன் மட்டும் காலியாக இருந்தால் போதாது. சாதாரண காருக்கே திரும்ப பத்து, பதினோரு மீட்டர் அகலம் வேண்டும். மீடியன் ஒன்றரை மீட்டர்தான் என்றால் எதிர்ப்பக்கத்தின் இரண்டு லேனையும் அடைத்துத்தான் திரும்புவீர்கள். உள் லேனில் மெதுவாக வரும் பஸ் லைட் அடித்து வழிவிட்டாலும், அதன் மறைவில் வெளி லேனில் ஒரு பைக் வரலாம். அந்தப் பெருந்தன்மையை நான் ஏற்பதில்லை. பஸ் போன பிறகே நகர்வேன்.

காத்திருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பி வைக்காதீர்கள். பின்னாலிருந்து யாராவது இடித்தால், திரும்பிய சக்கரம் காரை நேரே எதிர் லேனுக்குள் கொண்டுபோய்விடும். மீடியன் குறுகலானால் காரைக் குறுக்கே நிறுத்தவும் கூடாது. வால் நம் பக்கத்து வேக லேனில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு, மீடியனை ஒட்டிய லேனுக்கு வந்து, நேராக நில்லுங்கள்.

தடைப் பலகை உள்ள இடம், தொடர்கோடு, வளைவு, மேட்டின் உச்சி, பாலம், பாதசாரிகள் கடக்கும் இடம் என்றால் கூடாது. விரைவுச்சாலையில் ஆம்புலன்ஸுக்கும் பராமரிப்பு வண்டிக்கும் விட்டிருக்கும் இடைவெளியும் நமக்கானதல்ல. பலகையே இல்லாத இடைவெளியாக இருந்தாலும், மீடியன் செடிகள் கண்மட்டத்துக்கு வளர்ந்து உங்கள் கம்பத்தை மறைத்தால் அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுங்கள். பாதி தூரம் மூக்கை நீட்டி எட்டிப் பார்ப்பவர்கள்தான் அங்கே அதிகம் இடிபடுகிறார்கள் என்பது என் அனுமானம்.