கொழுந்து கூடியது, அரிசி குறைந்தது

கேள்வி: 1960களில் உலகிலேயே அதிகமாகத் தேயிலை ஏற்றுமதி செய்த நாடு இலங்கை என்று படித்தேன். அதே காலத்தில் அங்கே அரிசிக்குக் கூப்பன், வரிசை, தட்டுப்பாடு என்றும் படித்தேன். இன்னும் கொஞ்சம் அதிகம் விளைவித்து விற்றிருந்தால் தீர்ந்திருக்குமே? சோம்பேறித்தனம் தவிர வேறென்ன காரணம் சொல்வீர்கள்?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சோம்பேறி என்று யாரைச் சொல்கிறீர்கள்? விடிந்தும் விடியாமல் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்களையா? அவர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார்கள். அடுத்த வருடமே, அவர்கள் பறித்த கொழுந்தால் இலங்கை முதல்முறையாக உலகின் முதல் தேயிலை ஏற்றுமதி நாடானது. அதற்கும் அடுத்த வருடம், 1966 டிசம்பரில், கொத்து என்கிற அங்கத்திய அளவில் தலைக்கு வாரம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டு அரிசி ஒரு கொத்தாகப் பாதியானது. அந்த ஒரு கொத்தை இலவசமாகத் தருகிறோம் என்றார்கள், அது வேறு.

ஆக, உங்கள் மருந்தை அவர்கள் ஏற்கெனவே குடித்துப் பார்த்துவிட்டார்கள். அதிகம் விளைந்தது, அதிகம் கப்பலேறியது. நோய்தான் தீரவில்லை.

காரணம் ஒரு எளிய வகுத்தல் கணக்கில் இருக்கிறது. நாம் விற்பதன் விலையை நாம் வாங்குவதன் விலையால் வகுத்தால் வருவதைத்தான் நம் பாடநூல்கள் வாணிப வீதம் என்கின்றன, இலங்கையில் வர்த்தக மாற்று விகிதம் என்கிறார்கள். எத்தனை டன் அனுப்பினோம் என்பது இதில் வராது. அனுப்பிய ஒவ்வொரு டன்னும் எத்தனை மூட்டை மாவை, எத்தனை பீப்பாய் எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்பதை மட்டும்தான் இது சொல்லும்.

புரிவதற்காகக் கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம். தேயிலை விலையும் இறக்குமதி விலையும் ஆரம்பத்தில் தலா 100. சில வருடங்களில் தேயிலை 85க்கு இறங்குகிறது, மாவும் உரமும் இயந்திரமும் 120க்கு ஏறுகின்றன. 85ஐ 120ஆல் வகுத்தால் சுமார் 71. அதாவது முன்பு நூறு மூட்டை கொண்டுவந்த அதே சரக்கு இப்போது 71 மூட்டைதான் கொண்டுவரும். பழையபடி நூறு மூட்டை வேண்டுமென்றால் ஏற்றுமதியை 41 சதவீதம் கூட்ட வேண்டும். வளர்வதற்காக அல்ல, நின்ற இடத்தில் நிற்பதற்காக. அதற்குள் மக்கள்தொகையும் பெருகியிருந்தால் அந்த 41ம் போதாது.

சரி, 41 சதவீதம் கூட்டிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் தேயிலை காலை வாருகிறது. நாளைக்கு ஐந்து கப் குடிக்கும் லண்டன்காரர், தேயிலை விலை பாதியானால் பத்து கப் குடிப்பாரா? மிஞ்சிப் போனால் ஆறு குடிப்பார். அவர் சம்பளம் இரண்டு மடங்கானாலும் கூடுதல் பணத்தில் கார் வாங்குவாரே தவிர, தேநீரில் குளிக்கப் போவதில்லை. அதனால் ஏலத்துக்கு வரும் சரக்கு கூடினால் விலை சரிகிறது. அதுவும் கூடிய அளவைவிட அதிக வேகத்தில் சரிந்தால், அதிகம் விற்றவன் குறைவான பணத்தோடு வீடு திரும்புகிறான். தக்காளி லாரி கோயம்பேட்டில் குவியும் நாளில் விவசாயிக்கு என்ன நடக்கிறதோ அதே கதைதான், ஒரு நாடு முழுவதற்கும்.

இலங்கை மட்டும் அதிகம் அனுப்பியிருந்தால் சரிவு சின்னதாக இருந்திருக்கலாம். ஆனால் இந்தியாவும் அனுப்பியது. விடுதலை பெற்ற கையோடு கென்யா சிறு விவசாயிகளைத் தேயிலை போட வைத்து வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக ‘இன்னும் கொஞ்சம் அதிகம்’ என்பது புத்திசாலித்தனம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அதைச் செய்தபோது லாபம் பாக்கெட் போட்டு விற்றவர்களுக்கும் குடித்தவர்களுக்கும் போனது.

இதில் எனக்கு மிகவும் உறைக்கும் இடம் ஒன்று உண்டு. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் நல்ல தாய்ச்செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் துண்டுகளிலிருந்தே புதுச்செடி வளர்க்கும் முறையைப் பரப்பியது. தோட்டங்களில் அதை வி.பி. தேயிலை என்பார்கள். பழைய விதைச்செடியைவிட ஏக்கருக்குக் கணிசமாக அதிகக் கொழுந்து. அருமையான விஞ்ஞானம். அந்தக் கூடுதல் கொழுந்தின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? லயம் என்கிற தோட்டக் குடியிருப்பில் இருந்த தொழிலாளியின் கூலிக்குப் பெரிதாக வரவில்லை, ஏனென்றால் பேரம் பேசும் பலம் அவருக்கு இல்லை. 1948-49 குடியுரிமைச் சட்டங்களுக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமைகூட இல்லை. மலிவான தேயிலையாக அது கடல் தாண்டிப் போனது. அதே காலத்தில் இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ ஒரு இயந்திரத் தொழிற்சாலை உற்பத்தித் திறனைக் கூட்டியபோது என்ன ஆனது? அங்கே தொழிற்சங்கம் இருந்தது, வேலைக்கு ஆள் தட்டுப்பாடும் இருந்தது. பலன் சம்பளமாகவும் லாபமாகவும் அங்கேயே தங்கியது. இயந்திரத்தின் விலை இறங்கவில்லை. நம் முன்னேற்றத்தை நாம் விலைக்குறைப்பாகக் கொடுத்தோம், அவர்கள் முன்னேற்றத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். பொருளாதார அறிஞர்களான அர்ஜென்டினாவின் ரவுல் பிரெபிஷும், ஐ.நா.வில் இருந்த ஹான்ஸ் சிங்கரும் 1950ஐ ஒட்டித் தனித்தனியாக எழுதியதன் சாரம் இதுதான்.

ரப்பரின் கதை இன்னொரு வகை. கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை பறந்தது, பிறகு அதே வேகத்தில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அரிசி கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். விற்பது இறங்க, வாங்குவது ஏற, கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கு நடுவில் இலங்கை மாட்டியது. 1952 டிசம்பரில் சீனாவுடன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் போட்டது. வருடத்துக்கு 50,000 டன் ரப்பர் அங்கே, 2,70,000 டன் அரிசி இங்கே. கிட்டத்தட்ட ஒரு டன் ரப்பருக்கு ஐந்தரை டன் அரிசி. ரப்பருக்குச் சந்தையைவிட நல்ல விலை. கம்யூனிஸ்ட் நாட்டுக்கு ரப்பரா என்று அமெரிக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உதவியை நிறுத்தியது. இலங்கை அசரவில்லை. வாணிப வீதம் வானத்திலிருந்து விழுவதல்ல, யாரிடம் விற்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் ரப்பருக்கு வேறொரு எமன் ஏற்கெனவே பிறந்திருந்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யக் கற்றுக்கொண்டது. அதன்பின் இயற்கை ரப்பர் ரொம்பவும் விலை ஏறினால் டயர்க்காரர்களுக்கு மாற்று கையிலேயே இருந்தது.

இந்தச் சரிவு நடக்கும்போது உள்ளூரில் உடனே தெரியாது. 1967 நவம்பரில் இலங்கை தன் ரூபாயின் மதிப்பை 20 சதவீதம் குறைத்தது. அப்படிச் செய்தால் ஏலத்தில் ஸ்டெர்லிங் விலை அசையாமல் நின்றாலும், ரூபாயில் தேயிலை விலை ஏறியதாகத் தெரியும். அமைச்சர் ‘ஏற்றுமதி வருமானம் சாதனை’ என்று அறிக்கை விடலாம். ஆனால் மாவு மூட்டையின் ரூபாய் விலையும் அதே அளவு ஏறியிருக்கும். விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் ஒரு நாட்டின் ஏற்றுமதிச் சாதனையைப் பத்திரிகையில் படித்தால் (எங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான்) மூன்று எண்ணைப் பிரித்துக் கேளுங்கள்: அளவு எவ்வளவு கூடியது, விலை எவ்வளவு மாறியது, இறக்குமதி விலை எவ்வளவு மாறியது. முதல் எண்ணை மட்டும் சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இதையே விதி என்று எடுத்துக்கொண்டு நாளைக்கு எனக்கே எதிராகக் கடிதம் போடாதீர்கள். மூலப்பொருள் விற்பவன் எப்போதும் தோற்பான் என்பதில்லை. 1973-74இல் எண்ணெய் நாடுகள் ஒரே குளிர்காலத்தில் விலையை ஏறத்தாழ நான்கு மடங்காக்கின, அதில் அடிபட்டவர்களில் இலங்கையும் ஒன்று. 2000க்குப் பின் சீனா வாங்கிக் குவித்தபோது செம்பும் இரும்புத் தாதும் விற்றவர்கள் பல வருடம் கொழித்தார்கள். பிரெபிஷின் கணக்கிலும் ஓட்டை உண்டு. அவர் எடுத்துக்கொண்டது பிரிட்டனில் வந்திறங்கிய விலை. கப்பல் கட்டணம் குறைந்ததால் அங்கே விலை இறங்கியிருந்தால், அனுப்பியவருக்கு அதில் நஷ்டமில்லை. அதோடு 1960 தேயிலையும் 1930 தேயிலையும் ஏறக்குறைய ஒன்று. 1960 டிராக்டரும் 1930 டிராக்டரும் ஒன்றல்ல. தரம் கூடியதற்கான விலையைச் சுரண்டல் கணக்கில் எழுதக்கூடாது. இலங்கை அரசுகள் பக்கமும் தவறு இருந்தது. விலை ஏறிய நாட்களில் கையிருப்பைச் சேர்க்காமல் கரைத்தார்கள், தோட்டங்கள் மேல் வரிக்கு மேல் வரி போட்டார்கள். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

உங்கள் யோசனைக்கு நேர் எதிரான யோசனையை இதே தேயிலைக்காரர்கள் ஒருமுறை செய்து பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருமந்தத்தில் விலை விழுந்தபோது, 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியா ஆகிய மூன்று நாட்டுத் தேயிலை முதலாளிகளும் கூடிப் பேசி ஏற்றுமதியைக் குறைத்தார்கள். முதல் வருடம் 15 சதவீதம் வெட்டு. விலை எழுந்தது. குறைவாக அனுப்பி அதிகம் பார்த்தார்கள். 1960களில் அதை ஏன் திரும்பச் செய்யவில்லை என்றால், அப்போது மேசையில் உட்கார வேண்டியவர்கள் வெறும் மூன்று பேர் அல்ல, அதைவிட அதிகம். புதிதாகச் செடி நட்டுவிட்டு முதல் கொழுந்துக்குக் காத்திருக்கும் கென்யாக்காரரிடம் போய், ‘நீங்கள் கொஞ்சம் பறிக்காமல் இருங்கள், எங்கள் ஊரில் அரிசிக் கூப்பன் பாதியாகிவிட்டது’ என்று எந்த வாயால் கேட்பது?