நான்கு சுவரும் சரி, மூலைகள்?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டின் படுக்கையறையில், ஒரு சுவர் முழுவதையும் நிரப்பி மர அலமாரி செய்யப்போகிறோம். ஆசாரி சேலத்தில் இருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அளவெடுக்க வரமுடியாது, வரைபடம் அனுப்பினால் கீழேயே செய்து ஏற்றி அனுப்புகிறேன் என்கிறார். மகனுடைய ஐபோனில் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் இருக்கிறது. அறையை ஸ்கேன் செய்தோம், இரண்டே நிமிடத்தில் அழகான தரைப்படம் வந்தது. நான்கு சுவர்களையும் டேப் வைத்து அளந்து பார்த்தேன். எந்தச் சுவரிலும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. இந்தப் படத்தை நம்பி அனுப்பலாமா?

ம., ஏற்காடு

அன்புள்ள ம. அவர்களுக்கு,

அனுப்பாதீர்கள். இன்னும் ஆறு அளவுகள் எடுக்கவேண்டியிருக்கிறது. அரை மணி நேர வேலைதான். அதைச் செய்யாமல் நான் பட்டதைச் சொன்னால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் குடும்பத்தின் பழைய வீடு இருக்கிறது. அதில் ஒரு காலத்தில் தறி ஓடிய அறையைச் சேலை அடுக்கிவைக்கும் அறையாக மாற்ற நினைத்தோம். தறிக்குழியை மூடித் தளம் போட்டாயிற்று. ஒரு குட்டைச் சுவரை ஒட்டி, 60 சென்டிமீட்டர் ஆழத்தில், மூன்று பெட்டிகளாக அலமாரி என்று திட்டம். நானும் ஃபோனில்தான் ஸ்கேன் செய்தேன். அறை 5.35 மீட்டருக்கு 3.14 மீட்டர், சுத்தமான செவ்வகம் என்று வந்தது. சந்தேகத்துக்காக எதிர்த்திசையில் நடந்து மறுபடி ஸ்கேன் செய்தேன். 5.34, 3.15 என்று வந்தது. டேப் வைத்தேன். நீளச் சுவர்கள் 5.38, 5.32. குட்டைச் சுவர்கள் 3.12, 3.15. எல்லாம் 3 சென்டிமீட்டருக்குள். உங்களைப் போலவே நிம்மதியடைந்தேன். அலமாரி வரப்போகும் சுவர் டேப்பில் 3.15, படத்தில் 3.14. ஆசாரி ஒரு சென்டிமீட்டர் விட்டு மொத்தம் 3.13-க்குப் பெட்டிகளைச் செய்துவிட்டார். முதல் இரண்டு பெட்டிகள் உட்கார்ந்தன. மூன்றாவது இறங்கவே இல்லை.

என்ன நடந்தது என்பதை மறுநாள் கொத்தனார் ஒருவர் ஐந்து நிமிடத்தில் காட்டினார். டேப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடிக்கச் சொன்னார். ஒரு மூலைவிட்டம் 6.29 மீட்டர், மற்றது 6.11. பதினெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம்! செவ்வகம் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். ஃபோன் வரைந்த செவ்வகத்தில் இரண்டுமே 6.20 தான். அதாவது பக்கங்களில் 3 சென்டிமீட்டருக்குள் இருந்த பிழை, குறுக்கே 9 சென்டிமீட்டராக ஒளிந்திருந்தது. அறை ஒரு பக்கமாகச் சாய்ந்த செவ்வகம். வீட்டு மனை தெருவுக்கு நேர்க்குத்தாக இல்லாமல் கொஞ்சம் கோணலாகப் போகிறது, தாத்தா மனையின் கோட்டிலேயே சுவரை எழுப்பியிருக்கிறார்.

இந்தப் பிழை ஏன் பக்கங்களை அளந்தபோது தெரியவில்லை என்பதுதான் முக்கியம். ஒரு தீப்பெட்டியின் உள்பெட்டியை எடுத்துவிட்டு, மேலுறையை விரலால் இலேசாகச் சாய்த்துப் பாருங்கள். நான்கு பக்கங்களின் நீளமும் மாறுவதில்லை, ஆனால் வடிவம் மாறிவிடுகிறது. நான்கு பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாற்கரத்தைத் தீர்மானிக்க முடியாது. ஒரு மூலைவிட்டமும் சேர்ந்தால்தான் வடிவம் உறுதியாகும். இரண்டாவது மூலைவிட்டம் நாம் அளந்தது சரிதானா என்பதற்குச் சாட்சி. நான் நான்கு பக்கங்களையும் 6.29-ஐயும் வைத்துக் கணக்கிட்டபோது மற்ற மூலைவிட்டம் 6.11 என்றே வந்தது. அப்போதுதான் என் டேப் அளவுகளை நம்பினேன்.

ஃபோன் ஏன் செவ்வகமாக வரைந்தது? லைடார் செய்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை அனுப்பி, அவை திரும்பிவர ஆகும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணிப்பது. சுமார் 5 மீட்டர் வரை அது எட்டும். அந்தப் புள்ளிகள் அடர்த்தியானவை அல்ல. அவற்றுக்கு இடையில் உள்ளதைக் கேமராப் படத்தின் துணையோடு மென்பொருள் இட்டு நிரப்புகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டி செயலிக்குக் கிடைக்கும் ஆழப்படம் 256-க்கு 192 புள்ளிகள்தான். இதில் மூலை என்பது மிக மங்கலான இடம். ஆகவே செயலி மூலையை அளப்பதே இல்லை. இந்தச் சுவர் ஒரு தட்டையான பலகை, அந்தச் சுவர் ஒரு தட்டையான பலகை என்று பொருத்தி, இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோட்டை மூலை என்கிறது. செயலி எழுதுவோருக்காக 2022-இல் ஆப்பிள் கொடுத்த ரூம்பிளான் என்ற மென்பொருள் அடித்தளமும் சுவர்களைப் பலகைகளாகத்தான் தருகிறது. இதற்கு மேல், படம் அழகாக வரவேண்டும் என்று பல தரைப்படச் செயலிகள் 90 பாகைக்குப் பக்கத்தில் இருக்கும் கோணத்தைச் செங்கோணமாகவே திருத்திவிடுகின்றன. என் செயலியில் அந்தத் திருத்தத்தை அணைக்க வழி இருந்தது. அணைத்துவிட்டு ஸ்கேன் செய்தபோது மூலைவிட்டங்கள் 6.26, 6.14 என்று வந்தன. உண்மைக்கு அருகில் வந்துவிட்டது, ஆனால் அலமாரி செய்யப் போதாது.

என் இரண்டு ஸ்கேன்களும் ஒத்துப்போனதே என்று கேட்கலாம். எதிர்த்திசையில் மீண்டும் ஸ்கேன் செய்வது நல்ல சோதனைதான், ஆனால் அது வேறொரு பிழைக்கான சோதனை. ஃபோன் தான் இருக்கும் இடத்தைக் கேமராவில் தெரியும் அடையாளங்களையும் உள்ளே இருக்கும் அசைவு உணரிகளையும் வைத்துக் கணித்துக்கொண்டே நகர்கிறது. சுற்றிலும் வெள்ளையடித்த வெறும் சுவராக இருந்தால் பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லாமல் அந்தக் கணிப்பு மெல்ல நழுவும். வெளிச்சம் குறைந்தாலும் நழுவும். மூடுபனி இறங்கிய பிற்பகலில் ஸ்கேன் செய்திருந்தால், விளக்குகளைப் போட்டு இன்னொரு முறை செய்யுங்கள். நழுவல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது, ஆகையால் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட்டால் வெளிப்பட்டுவிடும். செங்கோணமாக்கும் திருத்தமோ இரண்டு முறையும் ஒரே பொய்யைச் சொல்லும். இரண்டு ஸ்கேன்கள் ஒத்துப்போனால் நழுவல் இல்லை என்று மட்டுமே பொருள்.

இப்போது உங்கள் அலமாரிக்கு வருவோம். அது எந்தச் சுவரில் வருகிறதோ, அந்தச் சுவரின் இரு முனைகளிலும் உள்ள கோணங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் 3-4-5 கணக்கே போதும். ஒரு மூலையில் நின்று, அலமாரிச் சுவரில் 80 சென்டிமீட்டரிலும் பக்கச் சுவரில் 60 சென்டிமீட்டரிலும் பென்சிலால் குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 100 இருந்தால் மூலை செங்கோணம். என் அறையில் ஒரு முனையில் 97.8 வந்தது, மறுமுனையில் 101.9. முதல் மூலை 90 பாகைக்குக் குறைவு, 87.4. அங்கே பக்கச் சுவர் அலமாரியை நோக்கிச் சாய்ந்து வருகிறது. 60 சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் 2.7 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடுகிறது. மறுமூலையில் சுவர் விலகிப் போகிறது, ஆனால் அந்த விலகலால் பயனில்லை, ஏனென்றால் பெட்டியின் பின்பக்கம் அங்கே மூலையில் முட்டிக்கொண்டிருக்கிறது. ஆக 3.15 மீட்டர் சுவரில் செவ்வகப் பெட்டி ஒன்று நுழையக்கூடிய அகலம் 3.12 தான். நாங்கள் செய்தது 3.13. இங்கே ஃபோனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சுவரோடு ஒட்டி வைத்த டேப்பும் 3.15 என்றுதானே சொன்னது!

ஆகவே இரண்டு மூலைவிட்டங்களையும், அலமாரிச் சுவரின் இரு மூலைகளில் இந்த 60-80 அளவையும் எடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டும் அந்தச் சுவரின் அகலம். தரையில் ஒன்றை அளந்திருக்கிறீர்கள், இடுப்பு உயரத்திலும் அலமாரியின் உச்சி வரும் உயரத்திலும் அளக்கவேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் நடுவில் புடைத்திருக்கும், பலகையாகப் பொருத்தும் ஃபோனுக்கு அந்தப் புடைப்பு தெரியாது. மூன்றில் சிறியது எதுவோ அதுதான் கணக்கு. மேலே டேப்பைத் தனியாளாகப் பிடித்தால் தொய்ந்து அதிகமாகக் காட்டும், மகனை மறுமுனையில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனை வீசிவிடவேண்டாம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் ஆசாரிக்கு அதைவிடத் தெளிவாக எந்தக் கடிதமும் சொல்லாது. பரப்பளவும் நன்றாகவே வரும். என் அறையின் உண்மையான பரப்பு 16.76 சதுர மீட்டர், செவ்வகப் படத்தில் 16.80. பெயிண்ட் வாங்க அது போதும். ஏற்காட்டு வீடு என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். கணப்படுப்பு இருந்தால் ரூம்பிளான் அதைச் சுவரின் பகுதியாக எடுக்காமல், மேசை நாற்காலி போலத் தனிப் பொருளாகக் குறிக்கும். செயலி பொருள்களை மறைத்துப் படம் கொடுத்தால் அடுப்பின் பிதுக்கமும் மறைந்துபோகும். பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் ஒரு போர்வையால் மூடிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். இல்லாவிட்டால் சுவருக்கு அப்பால் இல்லாத இடம் ஒன்று முளைக்கும்.

படத்தில் உள்ள எண்களின் மேல் கோடிழுத்து, டேப் அளவுகளைச் சிவப்பு மையில் எழுதி அனுப்புங்கள். இரு மூலைகளிலும் 60-80 குறிகளுக்கு நடுவே வந்த எண்ணைத் தனியே எழுதுங்கள். அதைப் பார்த்தாலே பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி விட்டு அடைப்புப் பட்டை கொடுப்பது என்பது ஆசாரிக்குத் தெரிந்துவிடும். எங்கள் மூன்றாவது பெட்டியைப் பிரித்து 2 சென்டிமீட்டர் குறைத்தோம், இரு பக்கமும் ஆப்பு வடிவில் தேக்குப் பட்டை அடித்தோம். அம்மாப்பேட்டையில் ஆசாரி இரண்டு தெரு தள்ளி இருந்ததால் அது ஒரு நாள் வேலையோடு முடிந்தது.

அன்புடன்.